மூன்றும் இரண்டும்: எடை பார்த்து நிமிரும் மரங்கள்

கணினிக்குள் எண்களையோ பெயர்களையோ வரிசை குலையாமல் வைத்திருக்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குத் தேடுமரம் என்று பெயர். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கும். அதைவிடச் சிறியவை எல்லாம் இடப்பக்கம் போகும், பெரியவை வலப்பக்கம் போகும். தேடும்போது ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம் என்பதால் பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் இருபது படி இறங்கினால் போதும். ஆனால் அதற்கு மரம் இருபுறமும் ஏறக்குறைய சமமாக வளர்ந்திருக்க வேண்டும். எண்கள் 1, 2, 3 என்று வரிசையாகவே வந்து சேர்ந்தால் எல்லாம் வலப்பக்கமே தொங்கி, மரம் ஒற்றைக் கயிறாகிவிடும். கடைசி எண்ணைத் தேட பத்து லட்சம் படியும் இறங்கியாக வேண்டும்.

சாய்கிற மரத்தை நிமிர்த்த முதலில் வழி சொன்னவர்கள் சோவியத் நாட்டின் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும். அது 1962-ல். அவர்கள் இரு கிளைகளின் உயரத்தைப் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து, 1972-ல், நீவர்கெல்ட், ரைங்கோல்ட் என்ற இருவர் உயரத்தை விட்டுவிட்டு, கிளைக்குள் எத்தனை கணுக்கள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் கிளையின் எடை. கணுவே இல்லாத வெற்றுக் கிளைக்கும் எடை 1 உண்டு. எந்தக் கணுவிலும் ஒரு பக்கத்தின் எடை மறுபக்கத்தைப் போல இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி. அந்த எல்லையை இங்கே மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம்.

சிறிய மரம் ஒன்றை வளர்த்துப் பார்க்கலாம். 10, 40, 20 என்ற மூன்று எண்களை இதே வரிசையில் சேர்க்கிறோம். 10 உச்சியில் இருக்கிறது. அதன் வலப்பக்கம் 40, அந்த 40-க்கு இடப்பக்கம் 20. உச்சியில் இடப்பக்க எடை 1, வலப்பக்க எடை 3. பார்க்கக் கோணலாக இருந்தாலும் விதி மீறப்படவில்லை. இப்போது 30 வருகிறது. அது 20-க்கு வலப்பக்கம் போய் உட்காரும். உச்சியில் வலப்பக்க எடை 4 ஆகிவிட்டது. மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

நிமிர்த்துவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒற்றைச் சுழற்சியில் 40 உச்சிக்கு ஏறும், 10 அதன் இடப்பக்கம் இறங்கும். ஆனால் இங்கே அப்படிச் செய்தால் 20, 30 இரண்டும் 10-ன் கீழே போய், இடப்பக்கம் எடை 4, வலப்பக்கம் 1 என்றாகும். சாய்வு பக்கம் மாறியதே தவிர நீங்கவில்லை. இரட்டைச் சுழற்சியில் நடுவில் கிடக்கும் 20 நேராக உச்சிக்கு வரும். அதன் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 40, அந்த 40-ன் கீழே 30. எடைகள் 2, 3. மரம் நிமிர்ந்துவிட்டது.

எப்போது ஒற்றை, எப்போது இரட்டை என்று தீர்மானிக்க இன்னோர் எண் வேண்டும். கனத்த பக்கத்துக்குள்ளேயே உள்நோக்கிய கிளை, வெளிநோக்கிய கிளை என்று இரண்டு இருக்கின்றன. உள்கிளையின் எடை வெளிக்கிளையின் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் ஒற்றைச் சுழற்சி, இல்லையென்றால் இரட்டை. ஆக இந்த மரம் முழுவதும் மூன்று, இரண்டு என்ற இரண்டே எண்களில் நிற்கிறது.

உயரம் பார்க்கும் மரங்கள் இதைவிடக் கட்டுக்கோப்பானவை. பத்து லட்சம் கணுக்களுக்கு அவை மிஞ்சிப்போனால் 28 படி ஆழம் போகும். எடை பார்க்கும் மரம், மூன்று மடங்கு எல்லையில், 45 வரை போகலாம். ஆனால் உயரம் என்ற தகவல் நிமிர்த்துவதைத் தவிர வேறெதற்கும் பெரிதாகப் பயன்படாது. எண்ணிக்கை அப்படியல்ல. மதிப்பெண் பட்டியலில் ஐந்நூறாவது இடத்தில் இருப்பது யார் என்று கேட்டால், இடக்கிளையில் எத்தனை பேர் என்று பார்த்துப் பார்த்து நேராக இறங்கிவிடலாம். நம் சிறிய மரத்தில் மூன்றாவது எண் எது? 20-ன் இடப்பக்கம் ஒன்று, 20-ஐயும் சேர்த்தால் இரண்டு. ஆகவே வலக்கிளையில் முதலாவதை எடுக்க வேண்டும். அது 30. சமநிலைக்காக எழுதிவைத்த எண்ணே தரவரிசையும் சொல்லிவிடுவதுதான் இந்த மரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

சிக்கல் அந்த இரண்டு எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான். மூன்றுக்குப் பதில் நான்கு மடங்கு வரை விட்டுக்கொடுத்தால் என்ன, சுழற்சிகள் குறையுமே என்று தோன்றும். ஒன்பது கணுக்கள் போதும், விளைவு தெரிந்துவிடும். உச்சியில் 2, இடப்பக்கம் 1 மட்டும். வலப்பக்கம் 7, அதன் உள்கிளையில் 3 முதல் 6 வரை நான்கு எண்கள், வெளிக்கிளையில் 8, 9. உச்சியின் இருபுற எடைகள் 2, 8. சரியாக நான்கு மடங்கு, ஆகவே விதிக்குள்தான் இருக்கிறது. இப்போது 1-ஐ நீக்குங்கள். இடப்பக்க எடை 2-லிருந்து 1 ஆகிறது. ஒரே ஒரு கணு போனதற்கு எடை பாதியாகிவிட்டது. மரத்தை நிமிர்த்தியாக வேண்டும். உள்கிளையின் எடை 5, வெளிக்கிளையின் எடை 3. ஐந்து என்பது மூன்றின் இரண்டு மடங்குக்குக் குறைவு. எனவே விதிப்படி ஒற்றைச் சுழற்சி. 7 உச்சிக்கு ஏறுகிறது, 2 இறங்குகிறது. இறங்கிய 2-ன் இடப்பக்கம் எதுவும் இல்லை, எடை 1. வலப்பக்கம் அந்த நான்கு எண்கள், எடை 5. நான்கு மடங்கு எல்லை உடைந்துவிட்டது. விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் மரம் கோணலாகவே நிற்கிறது. எல்லை மூன்றாக இருந்திருந்தால் 2-க்கு 8 என்ற நிலையே முதலில் வந்திருக்காது.

இது ஏட்டளவில் நின்ற சிக்கலும் அல்ல. ஸ்டீபன் ஆடம்ஸ் 1993-ல் இந்த மரத்தைக் கொஞ்சம் எளிமையாக்கி, எடைக்கு ஒன்றைக் கூட்டாமல் வெறும் எண்ணிக்கையையே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நிரல் அழகாக இருந்ததால் பல மொழிகளின் நூலகங்கள் அதை எடுத்துக்கொண்டன. ஹாஸ்கெல் மொழியின் `Data.Map` அவற்றில் ஒன்று. நீக்கும்போது சமநிலை தவறுகிறது என்பது 2010 வாக்கில்தான் வெளியே வந்தது. இவ்வளவு நாள் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், கோணலான மரமும் சரியான விடையையே தருகிறது. வரிசை கெடவில்லை, எண் எதுவும் தொலையவில்லை; ஆழம் மட்டும் உத்தரவாதத்தை மீறலாம். விடை சரியா என்று மட்டும் பார்க்கும் சோதனை எத்தனை ஓடினாலும் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் எல்லாக் கணுக்களிலும் எடை விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். `Data.Map`-ல் அதற்கென்றே `valid` என்ற செயற்கூறு இருக்கிறது.

2011-ல் ஹிராய், யமமோட்டோ என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் எந்தெந்த எண் ஜோடிகள் செல்லும் என்ற எல்லையைத் துல்லியமாக வரைந்தார்கள். செல்லும் ஜோடிகளுக்கான நிரூபணத்தைக் காக் என்ற மென்பொருளை வைத்துச் சரிபார்த்தார்கள்; செல்லாதவற்றுக்கு எதிர்-உதாரண மரங்களைத் தாங்களே உருவாக்கிக் காட்டினார்கள். ஒன்றைக் கூட்டும் மூல முறையில், முழு எண்களாகத் தேடினால் ஒரே ஒரு ஜோடிதான் தேறியது: மூன்றும் இரண்டும்.

ஆடம்ஸின் முறையில் இரண்டுடன் மூன்றும் செல்லும், நான்கும் செல்லும். ஐந்தும் அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் உதவாது. ஹாஸ்கெல்காரர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு வைத்தால் நீக்கம் சற்று விரைவு, மூன்று வைத்தால் சேர்த்தல் விரைவு. சேர்ப்பதில் கிடைத்த ஆதாயமே அதிகம் என்பதால் மூன்றை வைத்துக்கொண்டார்கள்:

```haskell
delta = 3
ratio = 2
```