ஒரு லட்சம் போனஸில் கையில் நிற்பது எவ்வளவு?

தீபாவளிக்கு ஒரு லட்சம் போனஸ் என்று அலுவலகம் அறிவிக்கிறது. வங்கிக் கணக்கில் வந்து விழுவதோ வேறு தொகை. அறிவித்தது மொத்தம், வருமான வரிக்காக நிறுவனம் பிடித்துக்கொள்வது டி.டி.எஸ்., மிச்சம் நம் கைக்கு. கணக்கு இவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும், நடுவில் இருக்கும் அந்தப் பிடித்தம் எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டிலிருந்து நேரடியாகப் படித்துவிட முடியாது. போனஸுக்கென்று தனி வரி விகிதம் கிடையாது. அது ஆண்டுச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். அதனால் போனஸ் இல்லாமல் ஆண்டு வரி எவ்வளவு, போனஸோடு எவ்வளவு என்று இரண்டு முறை கணக்குப் போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் போனஸுக்கான வரி.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், மாதம் 1,05,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,60,000. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 11,85,000. பன்னிரண்டு லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் இவருக்கு வரியே இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படவில்லை.

அக்டோபரில் ஒரு லட்சம் போனஸ் வருகிறது. வரிக்குரிய வருமானம் 12,85,000 ஆகிறது. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. முதல் பன்னிரண்டு லட்சத்துக்கு 60,000, அதற்கு மேலுள்ள 85,000க்கு 15 சதவீதம், அதாவது 12,750. இதன்மேல் 4 சதவீதம் செஸ் 2,910. ஆக 75,660 ரூபாய். போனஸ் இல்லாவிட்டால் வரி பூஜ்யம் என்பதால், இந்த முழுத் தொகையும் போனஸால் வந்ததே. ஒரு லட்சத்தில் அவருக்கு உண்மையில் மிஞ்சுவது 24,340.

இது கொடுமையாகத் தோன்றலாம்; எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எல்லையைச் சற்றே தாண்டுபவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ, செஸ் நீங்கலான வரி அதைவிட அதிகமாகக் கூடாது. ஆனால் வருமானம் சுமார் 12,70,600ஐக் கடந்தால் அந்தச் சலுகையால் பயன் இல்லை. நம் ஊழியர் அதையும் கடந்துவிட்டார். போனஸ் வெறும் 15,000 ஆக இருந்திருந்தால் வருமானம் சரியாகப் பன்னிரண்டு லட்சத்தில் நின்று, முழுத்தொகையும் அவர் கைக்கு வந்திருக்கும். அதற்கு மேல் கிடைத்த 85,000இல் அவருக்குத் தேறுவது 9,340 மட்டும்.

அடுத்த குழப்பம், பிடிக்கும் விதத்தில். சில நிறுவனங்கள் 75,660ஐயும் அக்டோபரிலேயே பிடித்துவிடும். அப்போது உண்மை அன்றே தெரிந்துவிடும். வேறு சில, மார்ச் வரையுள்ள ஆறு மாதங்களுக்குப் பிரித்து, மாதம் 12,610 என்று பிடிக்கும். அக்டோபரில் பார்த்தால் போனஸில் 87,390 வந்துவிட்டதுபோல் இருக்கும். அதை நம்பி வண்டிக்கோ நகைக்கோ முன்பணம் கட்டியவர், நவம்பர் முதல் ஐந்து மாதமும் சம்பளம் குறைவதைப் பார்த்துத் திகைப்பார். அந்த ஐந்து மாதப் பிடித்தம் 63,050. அதையும் கழித்தால் அதே 24,340தான். ஆகவே சீட்டில் போனஸ் வந்த மாதத்து டி.டி.எஸ்.ஸை மட்டும் பார்க்கக் கூடாது. முந்தைய மாதத்தைவிட அது எவ்வளவு உயர்ந்தது, அடுத்த மாதமும் அப்படியே நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளப் பிரிவில் ஆண்டு வரிக் கணக்குத் தாளைக் கேட்டால் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

இந்தச் சுமையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஊழியரின் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் நிறுவனம் செலுத்தும் பங்குக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. நாமே கட்டும் பணத்துக்கு அந்த முறையில் கழிவு கிடையாது. அதனால் சம்பள அமைப்பிலேயே இதைச் சேர்க்கும்படி ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

கணக்குத் தாக்கல் செய்யும்போது பலர் வங்கியில் வந்த தொகையை வருமானமாக எழுதிவிடுகிறார்கள். பிடிக்கப்பட்ட வரியும் சட்டப்படி நாம் பெற்ற வருமானம்தான். எனவே வருமானப் பகுதியில் ஒரு லட்சமும் முழுதாக வர வேண்டும். பிடித்தம் ஏற்கெனவே கட்டிய வரியாக வேறு இடத்தில் வரும். படிவம் 16இல் உள்ள டி.டி.எஸ். தொகையும் 26ஏஎஸ் படிவத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறைதான் விவரம் அளிக்கிறது என்பதால் அக்டோபர் பிடித்தம் 26ஏஎஸ்ஸில் தெரிய ஜனவரி இறுதிவரைகூட ஆகலாம். அதற்குப் பிறகும் காணவில்லையென்றால், சம்பளச் சீட்டோடு நிறுவனத்தின் கணக்குப் பிரிவை அணுகி, திருத்திய விவரத்தைத் தாக்கல் செய்யச் சொல்ல வேண்டும்.