மலேசியாவில் 13 மாநிலங்கள், உயர் நீதிமன்றமோ இரண்டுதான். ஏன்?

"ஷா ஆலாம் உயர் நீதிமன்றம்", "பினாங்கு உயர் நீதிமன்றம்" என்று செய்தியில் அடிக்கடி படிக்கிறோம். அதனால ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உயர் நீதிமன்றம் இருக்குன்னு பலரும் நினைக்கலாம். உண்மையில் அவை ஒரே நீதிமன்றம் உட்காரும் வெவ்வேறு இடங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 121வது பிரிவு இரண்டு உயர் நீதிமன்றங்களை மட்டுமே அமைக்கிறது. மலாயா உயர் நீதிமன்றத்துக்குத் தீபகற்பத்தின் 11 மாநிலங்களோடு கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் சேரும். சபா, சரவாக் உயர் நீதிமன்றத்துக்கு அந்த இரு மாநிலங்களும் லாபுவானும். இரண்டும் சம அந்தஸ்து கொண்டவை. ஒன்றுக்கொன்று மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஏன் இப்படி? இங்கே சிவில், குற்றவியல் நீதிமன்றங்களை அமைப்பது கூட்டரசின் வேலை. மாநிலங்கள் கையில் இருப்பது ஷாரியா நீதிமன்றங்களும், சபா சரவாக்கில் பூர்வகுடி நீதிமன்றங்களும்தான். ஆக, மாநில எல்லையைப் பார்த்து உயர் நீதிமன்றத்தைப் பிரிக்க வேண்டிய அவசியமே வரல. பிரித்தது வரலாறு. 1951 முதல் சரவாக், வடபோர்னியோ, புருணை மூன்றுக்கும் ஒரே உச்ச நீதிமன்றம் இருந்தது. 1963இல் மலேசியா உருவானபோது மலாயா, போர்னியோ, சிங்கப்பூர் என மூன்று உயர் நீதிமன்றங்கள் வந்தன. 1965இல் சிங்கப்பூர் பிரிந்து போனது. போர்னியோ நீதிமன்றம் பிறகு இன்றைய பெயரைப் பெற்றது.

சரி, இதனால நமக்கு என்ன? கிள்ளானில் இருக்கும் ஒருவர் மிரியில் ஒரு நிலம் வாங்கினார், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், பணம் எல்லாமே மிரியில் நடந்தது, விற்றவரும் மிரிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். தகராறு பெரிதாகி, வழக்கை ஷா ஆலாமில் போடுகிறார். வீட்டுக்குப் பக்கம், வசதிதானே?

1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 23வது பிரிவு வழக்குப் போடுபவரின் வீடு எங்கே என்று கேட்பதில்லை. வழக்குக்கான காரணம் எங்கே எழுந்தது, பிரதிவாதி எங்கே வசிக்கிறார் அல்லது தொழில் நடத்துகிறார், சம்பவம் எங்கே நடந்தது, தகராறில் உள்ள நிலம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கும். இவற்றில் ஒன்று தீபகற்பத்துக்குள் இருந்தாலே போதும். இவர் கதையில் எதுவுமே இல்லை. மலாயா உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது.

இதுவே நிலம் பினாங்கில் இருந்திருந்தால் கதை வேற. ஷா ஆலாமும் பினாங்கும் ஒரே நீதிமன்றம் என்பதால் அதிகாரப் பிரச்சனை எழாது. சாட்சிகளின் வசதிக்காக வழக்கை இடம் மாற்றச் சொல்லலாம், அவ்வளவுதான். தென்சீனக் கடலைத் தாண்டி அப்படி மாற்ற முடியாது. வழக்கு தள்ளுபடியாகி, அங்கே புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதற்குள் வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்துவிட்டால், அந்தக் கதவும் சாத்திவிடும்.