ஒரு பாக்கெட் இட்லிப் பொடிக்கு இரண்டு விலை

வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்த பொருளை நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும்போது ஒரு விலை போதும். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து, "எனக்கு என்ன ரேட்டுக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டவுடன் இரண்டாவது விலை தேவைப்படுகிறது. அதைக் கேட்ட இடத்திலேயே வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுவதுதான் சிறு உற்பத்தியாளர்கள் பலரின் வழக்கம். அப்படிச் சொன்ன விலையைப் பிறகு ஏற்றுவது கடினம். மொத்த விலையையும் குறைந்தபட்ச ஆர்டர் அளவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, சில்லறை விலையோடு சேர்த்து ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வதே சரியான முறை.

200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், எள், பெருங்காயம் எல்லாம் சேர்ந்து 34 ரூபாய். கவரும் லேபிளும் 7 ரூபாய். வறுக்க, அரைக்க, நிரப்பி ஒட்ட ஆகும் கூலி 11 ரூபாய். அடக்கம் 52 ரூபாய். வீட்டு ஆட்களே வேலை செய்தாலும் அந்தக் கூலியைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு 41 ரூபாய் அடக்கம் என்று நினைத்து மொத்த விலை போட்டால், ஆர்டர் பெருகி வேலைக்கு ஆள் வைக்கும் நாளில் லாபம் முழுவதும் கூலியாகப் போய்விடும்.

கணக்கைச் சில்லறை விலையிலிருந்து கீழ்நோக்கிப் போட வேண்டும். இந்தியாவில் பாக்கெட்டில் அச்சிடும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம். எனவே கடைக்காரரின் லாபம், வரி, உற்பத்தியாளரின் பங்கு எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியாக வேண்டும். எம்.ஆர்.பி. 105 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று கொண்டால் வரி நீங்கிய விலை 100 ரூபாய்.

கடைக்காரர் 25 சதவீத மார்ஜின் கேட்கிறார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அவர் கேட்பது விற்பனை விலையில் 25 சதவீதம், அதாவது 100 ரூபாயில் 25. ஆகவே மொத்த விலை 75 ரூபாய், வரி தனி. உற்பத்தியாளரோ, வாங்கும் விலையின் மேல் 25 சதவீதம் வைத்தால் போதும் என்று எண்ணி 80 ரூபாய் சொல்லிவிடுகிறார். 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் கடைக்காரருக்கு நிற்பது விற்பனை விலையில் 20 சதவீதம்தான். இரு தரப்பும் "25 சதவீதம்" என்றே பேசியிருப்பார்கள். முதல் பில்லில்தான் தகராறு வரும். விலைப்பட்டியலில் சதவீதத்தை எழுதாமல் ரூபாயை எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை.

75 ரூபாய்க்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 23 ரூபாய் மிஞ்சும். ஆனால் எத்தனை பாக்கெட் வாங்கினால் அந்த 23 உண்மையில் கையில் நிற்கும்? இதற்கான விடைதான் குறைந்தபட்ச ஆர்டர் அளவு. ஆர்டர் சிறியதோ பெரியதோ, பில் போட வேண்டும், அட்டைப்பெட்டி வாங்கிக் கட்ட வேண்டும், பார்சல் ஆபீஸுக்கு ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும், பணம் வசூலிக்க வேண்டும். ஓர் ஆர்டருக்கு இதெல்லாம் 180 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 6 பாக்கெட் ஆர்டரில் கிடைப்பது 138 ரூபாய். 42 ரூபாய் நட்டம். 12 பாக்கெட் என்றால் செலவு போக 96 ரூபாய், பாக்கெட்டுக்கு 8 ரூபாய்தான். 24 பாக்கெட் என்றால் 372 ரூபாய், பாக்கெட்டுக்குப் பதினைந்தரை ரூபாய். ஒரு பெட்டியில் 24 பாக்கெட் அடங்கும் என்றால், ஒரு பெட்டியையே குறைந்தபட்ச அளவாக வைப்பதுதான் பொருத்தம்.

இந்த அளவை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. மாதம் 10 பாக்கெட் விற்கும் கடைக்கு 24 பாக்கெட் என்பது ஏறக்குறைய இரண்டரை மாதச் சரக்கு. நான்கு மாத ஆயுள் உள்ள பொடியில் அது தாங்கும். 48 பாக்கெட்டைத் தலையில் கட்டினால் கடைசிப் பாக்கெட்டுகளில் எள் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கெட்ட பெயர் லேபிளில் பெயர் உள்ளவருக்குத்தான். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என வேறு வகைகளும் இருந்தால், வகைக்கு ஒரு பெட்டி என்று கேட்பதை விட, ஒரே பெட்டியில் கலந்து எடுக்க அனுமதித்து, மொத்தம் 1,800 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எழுதுவது புதிய கடைகளுக்கு எளிது.

அதிகம் வாங்குபவருக்கு விலை குறைப்பது அடுத்த படி. குறைப்பு, பெரிய ஆர்டரில் மிச்சமாகும் செலவிலிருந்து வர வேண்டும். 72 பாக்கெட்டுக்கு விலை 72 ரூபாய் என்றால் பாக்கெட்டுக்கு 20 வீதம் 1,440 ரூபாய். மூன்று பெட்டி அனுப்பும் செலவு 240 போக 1,200. பாக்கெட்டுக்கு 16 ரூபாய் 67 காசு, நல்ல படிதான். அதே வேகத்தில் 144 பாக்கெட்டுக்கு 69 ரூபாய் என்று எழுதினால், 2,448 ரூபாயில் செலவு 330 போக 2,118. பாக்கெட்டுக்கு 14 ரூபாய் 71 காசு. ஆறு பெட்டி வாங்குபவரிடம் ஒரு பெட்டி வாங்குபவரை விடக் குறைவாகச் சம்பாதிக்கிற நிலை இது. 71 ரூபாய் என்று வைத்தால் பாக்கெட்டுக்கு 16 ரூபாய் 71 காசு நிற்கும்.

69-ஐத் தொடாமல் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளை ஒரு விநியோகஸ்தர் வந்து, தானே கடை கடையாகச் சரக்குப் போடுவதாகச் சொன்னால், கடை விலையான 75-இல் 8 சதவீதம், அதாவது 6 ரூபாய் கேட்கக்கூடும். அவருக்குரிய விலைதான் அந்த 69. பெரிய கடை ஒன்று ஏற்கெனவே அந்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தால் அவர் அந்தக் கடைப் பக்கமே போக முடியாது.

முழுப் பெட்டியாக மட்டும் விற்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பாக்கெட் கணக்கில் விற்றால், 75 வீதம் 70 பாக்கெட் வாங்குபவர் 5,250 ரூபாய் கொடுப்பார். 72 வாங்குபவர் 5,184 ரூபாய்தான் கொடுப்பார். அதிகம் வாங்குபவர் குறைவாகக் கொடுக்கும் இந்த முரண், 24, 48, 72 என்று பெட்டிப் பெட்டியாக ஏறும்போது எழுவதில்லை.

சில்லறை விலைக்கும் கட்டுப்பாடு வேண்டும். உற்பத்தியாளரே வாட்ஸ்அப்பில் 85 ரூபாய்க்கு விற்றால், 105 போட்டு அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரர் அடுத்த ஆர்டர் தர மாட்டார். நேரடி விற்பனையில் நிற்கும் கூடுதல் பணம் கூரியருக்கும் சில்லறைப் பேக்கிங்குக்கும் உரியது. அதைத் தள்ளுபடியாக வாரிக் கொடுப்பது கடைகளுக்குச் செய்யும் துரோகம். பண்டிகைக் காலச் சலுகை வேண்டுமானால், ஐந்து பாக்கெட் வாங்குபவருக்குப் பாக்கெட் 100 ரூபாய் என்ற அளவோடு நிறுத்தலாம்.

கடைக்காரருக்குத் தரும் தாளில் பொருள், எடை, எம்.ஆர்.பி., வரி நீங்கிய மொத்த விலை, பெட்டியில் எத்தனை, எத்தனை பெட்டிக்கு என்ன விலை என்பவை வரிசையாக இருக்கும். கீழே லாரி வாடகை யாருடையது, ரொக்கமா கடனா, உடைந்த பாக்கெட்டுக்கு மாற்று உண்டா என்று எழுதப்படும். விலை எந்தத் தேதி வரை செல்லும் என்ற வரியை விடவே கூடாது. உளுந்தும் மிளகாயும் ஒரே பருவத்தில் ஏறி இறங்குபவை. 30 நாள் கெடு வைத்தால், விலையேறும்போது புதிய தாள் கொடுக்கலாம். எம்.ஆர்.பி.யை மாற்றினால் அது புதிதாக அச்சிடும் பாக்கெட்டுகளுக்கே பொருந்தும். கடையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு பழைய எம்.ஆர்.பி.யிலேயே விற்றுத் தீர வேண்டும். ஆகவே புதிய மொத்த விலையைப் புதிய லேபிள் ஒட்டிய பெட்டியிலிருந்து தொடங்குவதே முறை.