நாற்பத்தேழா, எழுபத்தொன்பதா? எது பெரிது?

ஒரு கட்டுரைப் போட்டிக்கு எட்டு மாணவர் எழுதினர் எனக் கொள்வோம். விடைத்தாள்களைக் கலைத்து இரு கட்டாக்கி இரண்டு ஆசிரியரிடம் கொடுத்தார்கள். முதலாமவர் கையிறுக்கமானவர், ஐம்பதைத் தாண்டிப் புள்ளி வழங்கி அறியார். அவர் இட்ட புள்ளிகள் 47, 41, 41, 39. மற்றவரோ தாராள மனத்தினர். அவர் இட்டவை 79, 69, 61, 55. எட்டையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் முதல் நான்கு இடங்களும் தாராளக்காரரின் கட்டுக்கே போய்விடும். இறுக்கமானவரிடம் தலைசிறந்து நின்ற பிள்ளைக்கு ஐந்தாம் இடந்தான். அப்பிள்ளை செய்த பிழை என்ன? தாள் போய்ச் சேர்ந்த கை ஒன்றுதான்.

இதற்கு எவர்க்கும் முதலில் தோன்றும் பரிகாரம் சராசரியைச் சமப்படுத்துவது. முதற் கட்டின் சராசரி 42. இரண்டாவதன் சராசரி 66. வேறுபாடு 24. இறுக்கமானவர் கொடுத்த ஒவ்வொரு புள்ளியோடும் 24 ஐக் கூட்டினால் 47 என்பது 71 ஆகும். பிள்ளை இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுகின்றது. ஆயினும் 79 ஐ எட்டவில்லை.

இங்கேதான் பலர் நின்றுவிடுகின்றனர். இரு ஆசிரியரும் சராசரியில் மட்டும் வேறுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாமவர் எல்லாப் பிள்ளைகளையும் 39 இலிருந்து 47 வரையான குறுகிய எல்லைக்குள் அடக்கிவிட்டார். மற்றவர் 55 இலிருந்து 79 வரை விரித்து வைத்தார். முதலாமவர் கையில் ஐந்து புள்ளி ஏற்றம் என்பது பெரிய மெச்சுதல். மற்றவர் கையில் அது சாதாரணம். இந்த விரிவை அளப்பதற்கே நியம விலகல் பயன்படுகின்றது.

அதைக் காணும் வழி கடினமன்று. முதற் கட்டில் ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலிருந்து விலகும் அளவு +5, −1, −1, −3. இவற்றின் வர்க்கங்கள் 25, 1, 1, 9, கூட்டுத்தொகை 36, நான்கால் வகுத்தால் 9, அதன் வர்க்கமூலம் 3. இவ்வாறே இரண்டாம் கட்டுக்குச் செய்தால் 9 வரும். இனி ஒவ்வொருவரும் தத்தம் சராசரியை எத்தனை நியம விலகலால் விஞ்சினர் என்று பார்க்கலாம். 47 பெற்றவர் 5 ஐ 3 ஆல் வகுக்க 1.67, 79 பெற்றவர் 13 ஐ 9 ஆல் வகுக்க 1.44. முதலிடம் மாறிவிட்டது! 2001 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் வழங்கும் ‘இசட் புள்ளி’ இதே வகைக் கணக்குத்தான். அங்கே பரீட்சகருக்குப் பதிலாகப் பாடங்கள் ஒப்பிடப்படுகின்றன. தசமமும் குறைக்குறியும் பெற்றோரைக் குழப்பும் என்றால், விடையைப் பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்டிவிடலாம். அப்போது 47 என்பது 66.7 ஆகவும், 79 என்பது 64.4 ஆகவும், 55 என்பது 37.8 ஆகவும் பட்டியலில் நிற்கும்.

விளக்கத்துக்காகவே நான்கு நான்கு தாளாக எடுத்தேன். உண்மையில் இத்தனை சிறிய கட்டில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையே சராசரியையும் விரிவையும் இழுத்துச் சென்றுவிடும். கட்டொன்றில் முப்பது, நாற்பது தாளாவது இல்லாமல் இக்கணக்கை நம்பலாகாது.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. இரு கட்டிலும் உள்ள பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே தரத்தினர் என்று இக்கணக்கு எடுத்துக்கொள்கின்றது. தாள்களைக் கலைத்துப் பகிர்ந்திருந்தால் அது பொருந்தும். ஒரு பாடசாலையின் தாள்கள் முழுவதும் ஒருவருக்கும், வேறொன்றின் தாள்கள் மற்றவருக்கும் போயிருந்தால், பிள்ளைகளின் உண்மையான வேறுபாடே பரீட்சகரின் கைவேறுபாடாகக் கருதப்பட்டு அழிக்கப்பட்டுவிடும். 1970 களில் தமிழ், சிங்கள மொழிமூல மாணவரின் புள்ளிகள் வெவ்வேறாகத் தரப்படுத்தப்பட்டபோது எழுந்த கசப்பின் உள்ளே இவ்வினாவும் இருந்தது: இரு தொகுதிக்கும் இடையே கண்ட வேறுபாடு திருத்தியவர் கையில் பிறந்ததா, எழுதியவர் திறமையில் பிறந்ததா? அதனைச் சூத்திரம் தானாக அறியாது.

அறிவதற்கு வழி உண்டு. சில தாள்களை, இருபது என்று வைத்துக்கொள்வோம், ஒருவர் இட்ட புள்ளி மற்றவருக்குத் தெரியாதபடி இருவரும் திருத்தவேண்டும். அப்பொதுத் தாள்களில் தாராளக்காரர் சராசரியாக 9 புள்ளியே கூடுதலாக இட்டிருக்க, கட்டுகளின் சராசரிகளோ 24 ஆல் வேறுபட்டால், எஞ்சிய 15 பெரும்பாலும் பிள்ளைகளுக்கு உரியது, அதில் கைவைக்கலாகாது. அத்தாள்களை இருவரும் எந்த வரிசையில் நிறுத்தினர் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் தலையில் வைத்ததை மற்றவர் அடியில் வைத்திருந்தால், அது இறுக்கமும் தாராளமும் பற்றிய பிணக்கன்று. நல்ல கட்டுரை எது என்பதிலேயே அவர்கள் வேறுபடுகின்றனர். அதற்கு எந்த அளவுகோலும் உதவாது. மூன்றாமவர் ஒருவரிடம் தாள்களைக் கொடுத்து மீண்டும் திருத்துவிக்க வேண்டியதுதான்.