ரவுட்டருக்கு ஒரு நோட்டு

பூதலூர்ப் பக்கம் கோடை மழை இடியோடுதான் வரும். மின்கம்பி வழியே திடீரென ஏறும் அழுத்தத்தில் ரவுட்டர் போய்விடும். நாள் முழுக்கப் பிளக்கிலேயே கிடக்கும் பொருள் அது. புது ரவுட்டரைத் தஞ்சாவூரில் வாங்கிவிடலாம். பழையதற்குள் பதிந்திருந்த விவரங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பல ஃபைபர் இணைப்புகள் PPPoE முறையில் இயங்குகின்றன. ரவுட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்தின் சர்வருக்குச் சொன்னால்தான் இணையம் திறக்கும். லைன் போட வந்தவர் முதல் நாளே அதைப் பதித்துவிட்டுப் போயிருப்பார். ரீசெட் குழியில் ஊசியை வைத்துச் சில விநாடிகள் அழுத்தினாலே அது அழிந்துவிடும். அப்புறம் வைஃபை காட்டும், இணையம் வராது. LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் கோளாறு, லைன்மேன்தான் வர வேண்டும். PON விளக்கு நிலையாகப் பச்சையில் நின்றும் இணையம் வரவில்லையென்றால், முதலில் PPPoE விவரத்தைத்தான் சரிபார்க்க வேண்டும். ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். அதன் முதல் பக்கத்தில் வாடிக்கையாளர் எண், பதிவு செய்த செல்போன் எண், PPPoE பெயர், கடவுச்சொல், நிறுவனம் தந்த VLAN எண் ஆகியவை இருக்கட்டும்.

அடுத்த பக்கம் வீட்டுச் சாதனங்களுக்கு. வாசலில் கேமரா வைத்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்:

```
ரவுட்டர்        192.168.1.1
கேமரா பெட்டி   192.168.1.50 (நிலையானது)
மற்றவை        192.168.1.100 முதல் 200 வரை
```

புது ரவுட்டர் 192.168.0.1 என்ற முகவரியோடு வந்தால், கேமரா பெட்டி வேறு தெருவில் நிற்பதுபோல் ஆகிவிடும். வீட்டு மானிட்டரில் படம் ஓடும். சிங்கப்பூரிலிருக்கும் மகனின் செல்போனில் மட்டும் வராது. பெட்டி கெட்டுவிட்டதென்று வேறு வாங்கத் தேவையில்லை. புது ரவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றினால் போதும். மற்ற சாதனங்களுக்கு முகவரி வழங்குவதை 100-லிருந்து தொடங்க வைப்பதும் முக்கியம். இல்லையென்றால் விருந்தாளியின் செல்போனுக்கே 50 போய்விடலாம். அப்போது கேமரா விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும், காரணம் எளிதில் பிடிபடாது.

வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் பழையபடியே இருந்தால் டிவி, செல்போன் எல்லாம் தாமாகவே இணைந்துகொள்ளும். ஒரு எழுத்து பிசகினாலும் ஒவ்வொன்றிலும் மறுபடி போட வேண்டியதுதான். எனவே எழுதும்போது பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, பெரிய எழுத்துக்கு அடிக்கோடு போடுங்கள். மாற்றினால் பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியோடு கீழே எழுதுங்கள். மேலேயே திருத்தி எழுதினால் எது சரியென்று தெரியாது.

நோட்டை பீரோவில் வையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லும் பின் எண்ணும் அதில் வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கும் நோட்டு இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும்.