தரைக்குள் ஓடும் வெந்நீர்

ஜெர்மனியில் பல புதிய வீடுகளில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவது தரைதான். சிமென்ட் பூச்சுக்குள் பிளாஸ்டிக் குழாய் வளைந்து வளைந்து கிடக்கும். அதில் வெந்நீர் ஓடும்.

20 சதுர மீட்டர் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடும் குளிரில் அதற்கு 1000 வாட் வெப்பம் வேண்டும். குழாய்களை 15 செ.மீ. இடைவெளியில் பதித்தால் சுமார் 133 மீட்டர் தேவை. 16 மி.மீ. குழாயில் ஒரே சுற்றாக இவ்வளவு நீளம் கூடாது; பம்ப் திணறும். ஆகவே இரண்டு சுற்றுகளாகப் பிரிப்பார்கள். இடைவெளியை அகலமாக்கிக் குழாயை மிச்சம் பிடிக்கலாமே என்றால், குழாய்க்கு மேலே சூடும் நடுவில் குளிர்ச்சியுமாகத் தரை வரிவரியாகிவிடும்.

தரையின் சூட்டுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பியத் தரநிலை, மக்கள் புழங்கும் இடத்தில் 29 டிகிரி, குளியலறையில் 33 டிகிரி என்கிறது. அதைத் தாண்டினால் பாதங்களுக்கு உறுத்தல். அறை 20 டிகிரியில் இருக்கும்போது 29 டிகிரித் தரை சதுர மீட்டருக்கு 100 வாட் தரும். நம் கூடத்துக்கு 50 போதும். தரை 25 டிகிரியிலேயே நிற்கும்.

பெரும்பாலும் பிழை நேர்வது, சுற்றுகளுக்கு நீரைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில்தான். குளியலறைச் சுற்று 50 மீட்டர்தான். தடை குறைவென்பதால் நீர் அங்கே பாய்ந்துவிட, கூடம் குளிர்ந்து கிடக்கும். குளியலறையிலிருந்து திரும்பும் குழாயைத் தொட்டால், போகும் குழாயளவு சூடாக இருக்கும். அதுவே அடையாளம்.

வால்வைத் திருகிக் குளியலறை ஓட்டத்தைக் குறைத்து, கூடத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மிதவை நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர் காட்டும்படி வைக்க வேண்டும். நீர் 5 டிகிரி ஆறித் திரும்பும் கணக்கு இது. ஒன்றைத் திருகினால் மற்றவை மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை சுற்றிவர வேண்டும். தரை மெதுவாகத்தான் சூடேறும். பலனை மறுநாள் பார்ப்பதே சரி.