சமயக் கணக்கு: மூன்றா, ஆறா, பத்தா?

2011 குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7,21,47,030 பேர். இதில் இந்துக்கள் 6,31,88,168, கிறிஸ்தவர்கள் 44,18,331, முஸ்லிம்கள் 42,29,479. சமணர், சீக்கியர், பௌத்தர் மூவரையும் கூட்டினால் 1,15,052. மதம் சொல்லாதவர்கள் 1,88,586. இவற்றுக்கெல்லாம் வெளியே 'பிற மதங்கள்' என்ற ஒரு வரி இருக்கிறது. அதில் உள்ளவர்கள் 7,414 பேர். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களில், படிவத்தில் அச்சான ஆறு பெயர்களுக்குள் அடங்காமல் வேறொரு மதப் பெயர் சொன்னவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம்தான்.

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் ஊர்களில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த எண் வியப்பாக இருக்கும். சுடலைமாடன் பீடம், இசக்கியம்மன் கோயில், கொடை விழா, சாமியாடி சொல்லும் குறி என்று அங்கே நடப்பவை எந்த 'உலக மத'ப் பாடநூலிலும் ஒரு அத்தியாயம் பெறவில்லை. ஆனால் புள்ளிவிவரத்தில் அவை காணாமற்போகவும் இல்லை. 'இந்து' என்ற 87.58 விழுக்காட்டுக்குள் இருக்கின்றன. யார், எப்போது, எந்தச் செலவில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

முதலில் தொகையைப் பார்ப்போம். உலகில் எத்தனை மதங்கள் என்ற கேள்விக்கு ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் நான்கு என்று பதில் சொன்னார்கள்: கிறிஸ்தவம், யூதம், இஸ்லாம், மற்ற எல்லாரும் சேர்ந்த 'அஞ்ஞானம்'. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் இந்த நான்கோடுதான் வந்தார். 1880-களில் டச்சு அறிஞர் டீலே, 'உலக மதம்' என்று சொல்லத்தக்கவை பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றே என்றார். மற்றவை இனத்துக்கோ நாட்டுக்கோ உரியவை. அவர் நாட்டவரான குனென், 1882-இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் அந்த மூன்றிலும் இஸ்லாத்துக்கு முழுத் தகுதி இல்லை என்று வாதிட்டார். 1893-இல் சிகாகோ சர்வமத சபையின் தொடக்கத்தில் பத்துப் பெரும் மதங்களுக்காக மணி பத்து முறை அடித்தார்கள். 1958-இல் ஹஸ்டன் ஸ்மித் எழுதிய புகழ்பெற்ற பாடநூலில் மதங்கள் ஏழு. நம் குடிமதிப்புப் படிவத்தில் குறியெண் பெற்றவை ஆறு.

நூற்றிருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் மக்களின் வழிபாடு இவ்வளவு ஏறி இறங்கவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. 2005-இல் வெளிவந்த தன் நூலில் டோமோகோ மசுசாவா செய்தது இந்த மாற்றத்தின் தணிக்கை. மொழிகளை ஆரியம், செமிட்டிக் என்று பிரித்த மொழியியல், மதங்களையும் அதே கோட்டில் பிரித்தது என்று அவர் காட்டினார். ஐரோப்பிய நூலகங்களில் பாலி, சம்ஸ்கிருதச் சுவடிகளிலிருந்து எழுப்பப்பட்ட பௌத்தம் 'உலகப் பொது'வாக உயர்ந்தது. கண்ணெதிரே மூன்று கண்டங்களில் பரவியிருந்த இஸ்லாம் 'அரபு இனத்தின் மதம்' என்று சுருக்கப்பட்டது. அந்நாளில் டச்சுக்காரர்கள் இந்தோனேசிய முஸ்லிம்களை ஆண்டுகொண்டிருந்தார்கள் என்பதை நான் தற்செயலாக ஒதுக்கிவிட மாட்டேன்.

இனிச் செலவுப் பக்கம். 1847-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, ரிக்வேதத்தைப் பதிப்பிக்க மாக்ஸ்முல்லருக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 50 அச்சுத்தாள், அதற்கு 200 பவுன். அதாவது தாளுக்கு 4 பவுன். ஆறு தொகுதிகள் முடிய 1874 ஆயிற்று; அதற்குள் கம்பெனி ஆட்சியே போய்விட்டது. அடுத்து, அவர் பதிப்பாசிரியராக இருந்த 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசை. ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட, லண்டன் இந்தியா அலுவலகம் பொருளுதவி செய்தது. 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகள்.

அந்த ஐம்பதைப் பிரித்துப் பார்த்தால் வேத, பிராமண மரபுக்கு 21, பௌத்தத்துக்கு 10, பாரசீக ஜரதுஷ்டிர மதத்துக்கு 8, சீனத்துக்கு 6, சமணத்துக்கு 2, இஸ்லாத்துக்கு 2, பொருளடைவு 1. தமிழுக்கு ஒன்றும் இல்லை. தேவாரம், திருவாசகம், திவ்வியப் பிரபந்தம், சிவஞான போதம் எதுவும் உள்ளே வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் 48-ஆம் தொகுதியில், 1904-இல் இடம்பெற்றார். அதுவும் அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய பிரம்மசூத்திர உரைக்காக.

தமிழ் அறிந்தவர் ஆக்ஸ்போர்டில் இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல வழியில்லை. திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் மிஷனரியாக இருந்த ஜி. யு. போப் அப்போது அங்கேதான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் வெளிவந்தது, அதே ஆக்ஸ்போர்டு அச்சகத்தில். ஒரே ஊர், ஒரே அச்சகம், ஒரே காலம். வரிசையில் மட்டும் இடமில்லை. பழமையும் வேத அதிகாரமும் கொண்ட நூல்தான் ஒரு மதத்தின் சாரம் என்ற அளவுகோலில், ஓதுவார் பாடும் பதிகமே நிற்கவில்லை. நூலே இல்லாத சுடலைமாடன் எங்கே நிற்பார்?

நூலகத்தில் மதத்தை நூலால் அளந்த ஆட்சி, களத்தில் தலையால் அளந்தது. 1871-இன் சென்னை மாகாணக் குடிமதிப்பு, கார்னிஷ் தயாரித்தது, இன்று படிக்கச் சுவையானது. அதில் இந்துக்கள் சுமார் 2 கோடி 88 லட்சம் பேர். ஆனால் கணக்கு அந்தத் தொகையோடு நிற்கவில்லை. சைவர் சுமார் 1 கோடி 61 லட்சம், வைணவர் 1 கோடி 16 லட்சம், லிங்காயத்தார் ஒன்றரை லட்சம், மற்றவர் சுமார் 9 லட்சம் என்று பிரித்துக் காட்டியது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்தக் கட்டத்தை நிரப்பப்போன கணக்கரை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள கோயிலில் சங்கரநாராயணர்; வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஆடித் தபசுக்கு வண்டி கட்டிப் போய், புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வரும் குடும்பத்திடம் நீங்கள் சைவரா வைணவரா என்று கேட்டால், அவர்கள் சொல்லும் பதில் கணக்கருடைய வசதிக்காகச் சொல்வதாகத்தான் இருக்கும். இளையரசனேந்தல் பிர்காவே இதற்கு உவமை: வருவாய்க் கணக்கில் கோவில்பட்டியோடு சேர்த்தார்கள், ஊராட்சிக் கணக்கில் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விட்டார்கள். ஊர் இடம்பெயரவில்லை.

உட்பிரிவுகள் பிறகு மங்க, மேலே உள்ள தொகை மட்டும் கெட்டிப்பட்டது. 1901-இல் திருநெல்வேலி மாவட்ட மக்கள் 20,59,607. கிறிஸ்தவர் சுமார் 1,59,000, முஸ்லிம்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், மீதி ஏறக்குறைய 18 லட்சம் பேரும் இந்து. இதே மாவட்டத்தின் நாடார் சமூகத்தைப் பற்றி 1849-இல் எழுதிய கால்டுவெல், அவர்களுடைய வழிபாடு பேய் வழிபாடு, பிராமண மதத்திலிருந்து வேறானது என்று வாதிட்டிருந்தார். அரை நூற்றாண்டில் புத்தகம் வெளியே நிறுத்தியவர்களைப் படிவம் உள்ளே சேர்த்துக்கொண்டது. இரண்டுமே அவர்களைக் கேட்டுச் செய்யப்படவில்லை.

இந்த முரண் 1910-இல் வெளிப்படையாக வெடித்தது. 1909 சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி கொடுத்திருந்தது. தலை எண்ணிக்கை அரசியல் நாணயமாகிவிட்டது. தீண்டப்படாதோரையும் பழங்குடியினரையும் இந்துக்கணக்கில் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. குடிமதிப்பு ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். யார் உண்மையில் இந்து என்று பார்க்கப் பத்துச் சோதனைகள் அதில் இருந்தன.

கரிசல் காட்டுச் சம்சாரிக் குடும்பம் ஒன்றை நாமே கற்பித்துக்கொண்டு அந்தப் பத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். பெருந்தெய்வங்களை வணங்குகிறார்களா? ஆம், ஆடித் தபசுக்குப் போகிறார்கள். மாட்டிறைச்சி தின்கிறார்களா? இல்லை, மாட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டில் தேர்ச்சி. பிராமண குருவிடம் மந்திரம் பெற்றதுண்டா? இல்லை. நல்ல பிராமணர் குலபுரோகிதராக உண்டா, எந்தப் பிராமணப் பூசாரியாவது உண்டா? இரண்டுக்கும் இல்லை, கொடையை நடத்துவது சொந்தச் சாதிப் பூசாரி. பிணத்தைப் புதைக்கிறார்களா? ஆம். நான்கில் தோல்வி. கோயில் உள்ளே விடுகிறார்களா, தொட்டால் தீட்டா என்ற இரண்டும் சாதியைப் பொறுத்தவை. கமுதிக் கோயிலில் நாடார்கள் 1897-இல் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்திருந்தது. எஞ்சியவை, பிராமணரின் மேன்மையை மறுக்கிறார்களா, வேதத்தின் அதிகாரத்தை மறுக்கிறார்களா என்பவை. மறுத்ததும் இல்லை, ஏற்றதும் இல்லை. அந்தக் கேள்வி அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்ததில்லை. பத்தில் 2 தேர்ச்சி, 4 தோல்வி, 2 சாதிக்கேற்ப, 2 பதிலற்றவை.

இது தெற்கின் விநோதம் அல்ல. மத்திய மாகாணம், பேராரிலிருந்து வந்த அறிக்கையில், இந்து எனப் பதியப்பட்டோரில் கால்வாசிப் பேர் பிராமணரின் மேன்மையையும் வேதத்தின் அதிகாரத்தையும் ஏற்காதவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் குருமந்திரம் பெறாதவர்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லை. ஐந்தில் இரண்டு பங்கினர் மாட்டிறைச்சி உண்பவர்கள். கேட்ட கேள்வி ஆக்ஸ்போர்டின் 21 தொகுதிகளிலிருந்து பிறந்தது. வந்த பதில் வயல்வெளியிலிருந்து வந்தது. இரண்டும் பொருந்தாதபோது அரசு கேள்வியைத் திருத்தாமல் பழைய தொகையையே வைத்துக்கொண்டது.

அப்படியானால் எல்லாமே வெள்ளைக்காரன் கற்பனையா? கருத்தரங்குகளில் இந்த வாதம் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலேயர் வருமுன்பே இந்து என்ற தன்னுணர்வு உருவாகியிருந்தது என்று டேவிட் லோரன்சன் 1999-இல் சான்றுகளோடு வாதிட்டார். தமிழில் சமயங்களை எண்ணும் வழக்கம் அதைவிடப் பழையது. மணிமேகலையின் 27-ஆம் காதைக்கே 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்று பெயர்; அதில் பத்துத் தரப்பினர் பேசுகிறார்கள். ஆனால் அங்கே சைவவாதி, வைணவவாதி, வேதவாதி மூவரும் தனித்தனி. ஆசீவகரும் பூதவாதியும் அவர்களுக்குச் சமமாக வரிசையில் நிற்கிறார்கள். பின்னாளில் சைவ சித்தாந்தம் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு ஆறாகச் சமயங்களை வைத்தது. அந்தக் கணக்குகள் கொள்கைகளை எண்ணின. 1871-க்குப் பிந்தியவை ஆட்களை எண்ணின, ஒருவருக்கு ஒன்று என்று. என் பார்வையில் காலனியத்தின் சேர்க்கை இந்த 'ஒருவருக்கு ஒன்று'தான்.

அந்தக் கட்டத்தை மக்களும் சும்மா ஏற்கவில்லை. 1857-இல் நாசரேத் அருகே சட்டம்பிள்ளை மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தொடங்கிய சபையின் பெயர் இந்துக் கிறிஸ்தவ சபை. கால்டுவெல்லின் நூல் மூட்டிய கோபம் அதற்கு ஒரு காரணம். 1898-இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, இந்து என்ற பெயரை மறுத்து, பௌத்தர் என்று பதியச் சொன்னார். கட்டத்தை உடைக்க ஒருவர் பார்த்தார், வேறு கட்டத்துக்கு மாற ஒருவர் பார்த்தார். பின்னதைத்தான் படிவம் ஏற்கும். அகில இந்திய அளவில் 2011-இல் 'பிற மதங்கள்' 79,37,734 பேர். அதில் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய பெயர் சர்னா. அவர்களுக்குத் தனிக் குறியெண் கேட்டு ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

இத்தகைய கருத்தரங்குகளுக்கு வருகிறவர்கள் மசுசாவாவைப் படித்துவிட்டு வருவது நல்லது. அதற்குமுன் 1871 சென்னை அறிக்கையின் சமய அட்டவணையையும் 2011-இன் சி-1 அட்டவணையையும் அருகருகே வைத்து, உங்கள் சொந்த ஊர்க் குலதெய்வம் எந்த வரியில் எண்ணப்பட்டிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.